350 கிராம் குவளைக்கு ஒன்றரைக் கிலோ கூரியர் கட்டணம் ஏன்? கைவினைப் பொருள் விற்பனையின் கணக்கு

சமூக ஊடகப் பக்கத்தில் கைவினைப் பொருள் விற்பவர்கள் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. ஆர்டர் வருகிறது, பொருளும் போகிறது, பாராட்டும் வருகிறது. மாதக் கடைசியில் கையில் காசு நிற்பதில்லை. விலை குறைவோ என்று ஏற்றினால் ஆர்டர் குறைகிறது. எங்கே ஒழுகுகிறது என்று தெரிவதில்லை.

பெரும்பாலும் பணம் ஒழுகுவது பொருளைச் செய்யும் இடத்தில் அல்ல, செய்து முடித்த பிறகு. பெட்டியின் அளவு, இன்பாக்ஸில் போகும் நேரம், வழியில் உடையும் பொருள் ஆகிய மூன்றும் விலைக்குள் வராமல் வெளியே நிற்கின்றன. கையால் செய்த ஒரு பீங்கான் குவளையை எடுத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். உடையக்கூடிய பொருள் என்பதால் எல்லாச் சிக்கலும் இதில் இருக்கிறது. துணிப்பையோ நூல் வேலைப்பாடோ விற்பவர்களுக்கும் கணக்கு இதேதான், உடைசல் மட்டும் இருக்காது.

## முதலில் பெட்டி, பிறகு விலை

வழக்கமாக விலையை முடிவு செய்து, படம் போட்டு, ஆர்டர் வந்த பிறகுதான் பெட்டி தேடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். காரணம், கூரியர் நிறுவனங்கள் எடை பார்க்கும் முறை.

கூரியரில் இரண்டு எடை உண்டு. ஒன்று தராசு காட்டும் உண்மையான எடை. இன்னொன்று வால்யூமெட்ரிக் எடை, அதாவது பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்தை எடையாக மாற்றிச் சொல்லும் கணக்கு. வண்டியிலும் விமானத்திலும் இடம்தான் முதலில் தீர்ந்துபோகும் என்பதால், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். பரவலாக இருக்கும் சூத்திரம் இது:

```
நீளம் × அகலம் × உயரம் (செ.மீ.) ÷ 5000 = கிலோ
```

5000 என்ற வகுஎண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 4000 அல்லது 6000 வைக்கும் நிறுவனங்களும் உண்டு, ஆகவே உங்கள் கூரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதோடு, கட்டணம் பெரும்பாலும் அரைக் கிலோ ஸ்லாப் கணக்கில் ஏறும். 1.02 கிலோ வந்தால் 1.5 கிலோவுக்கான பணம்.

நம் குவளை 9 செ.மீ. உயரம், 8 செ.மீ. விட்டம். கைப்பிடியோடு சேர்த்து அகலம் 11 செ.மீ. எடை 350 கிராம். பெட்டி, பபிள் ராப், காகிதம் எல்லாம் சேர்த்தாலும் தராசில் 550 கிராம் அளவுக்குத்தான் வரும். இப்போது பெட்டிகளை ஒப்பிடுவோம்.

1. கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று 20×20×20 பெட்டி வாங்கினால் 8000 ÷ 5000 = 1.6. கட்டணம் 2 கிலோவுக்கு.
2. 20×16×16 பெட்டி என்றால் 5120 ÷ 5000 = 1.02. கட்டணம் 1.5 கிலோவுக்கு.
3. 19×16×16 பெட்டி என்றால் 4864 ÷ 5000 = 0.97. கட்டணம் 1 கிலோவுக்கு.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு சென்டிமீட்டர். பொருளில் எந்த மாற்றமும் இல்லை, பாதுகாப்பிலும் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆர்டரிலும் அரைக் கிலோ கட்டணம் மிச்சம்.

இங்கே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கூரியரில் அளப்பது பெட்டியின் வெளிப்புறத்தை, அதுவும் துருத்தி நிற்கும் இடத்தில். காகிதத்தை அழுத்தித் திணித்ததால் மூடி ஒரு சென்டிமீட்டர் உப்பினால் போதும், 19×16×17 ஆகி 5168 ÷ 5000 = 1.03 என்று மறுபடி 1.5 கிலோ ஸ்லாப்புக்குப் போய்விடும். "அதே பெட்டிதானே அனுப்பினேன், இந்த முறை மட்டும் ஏன் கூடுதல் பில்?" என்ற கேள்விக்குப் பல சமயம் பதில் இந்த உப்பல்தான். ஒட்டி முடித்த பெட்டியின் மேல் ஸ்கேலை நேராக வைத்துப் பாருங்கள். ஸ்கேல் ஆடினால் பிரித்து, கொஞ்சம் காகிதத்தை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவது நல்லது.

## பெட்டிக்குள் என்ன நடக்க வேண்டும்

பெட்டியைச் சுருக்கினால் பொருள் உடையாதா என்ற அச்சம் நியாயமானது. நெளிவு அட்டையின் தடிமனைக் கழித்தால், 19×16×16 பெட்டிக்குள் குவளையின் பக்கவாட்டில் சுமார் மூன்றரை செ.மீ., மேலும் கீழும் சுமார் மூன்று செ.மீ. இடைவெளி இருக்கும். உடையும் பொருளுக்கு ஐந்து செ.மீ. விடுங்கள் என்பது பொதுவான அறிவுரை. நாம் அதைவிடக் குறைவாக விடுகிறோம். அதனால் உள்ளே கட்டும் முறை சரியாக இருந்தாக வேண்டும்.

கைப்பிடிதான் குவளையின் பலவீனமான இடம். கைப்பிடிக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் ஓட்டையில் காகிதத்தை உருட்டி நிரப்புங்கள். குவளையின் உட்புறத்தையும் காகிதத்தால் நிரப்புங்கள், வெளியிலிருந்து அழுத்தம் வரும்போது விளிம்புக்கு அது முட்டுக்கொடுக்கும். பிறகு பபிள் ராப்பை, குமிழ்கள் பொருளைப் பார்த்தபடி இருக்குமாறு இரண்டு சுற்று. கைப்பிடிப் பக்கம் மட்டும் இன்னொரு மடிப்பு. மீதி இடத்தைச் சுருட்டிய தடித்த காகிதத்தால் நிரப்புங்கள். செய்தித்தாள் வேண்டாம், வண்டியின் குலுக்கலில் அது மெல்ல மெல்ல அமுங்கி, இரண்டாம் நாளே உள்ளே இடைவெளி விழுந்துவிடும்.

கட்டியது சரியா என்று பார்க்க இரண்டு சோதனைகள். பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. இது ஒவ்வொரு பெட்டிக்கும். அடுத்தது விழும் சோதனை. இது ஒரு புதிய பெட்டி அளவை முடிவு செய்யும்போது ஒருமுறை செய்தால் போதும். பேக்கேஜிங் சோதனைக்கான பன்னாட்டு அமைப்பான ஐ.எஸ்.டி.ஏ. வகுத்த 1ஏ முறையில், பத்துக் கிலோவுக்குக் குறைவான பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடுவார்கள்: ஒரு மூலையில் ஒருமுறை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகளிலும் ஒவ்வொரு முறை, ஆறு பக்கங்களிலும் ஒவ்வொரு முறை. 76 செ.மீ. என்பது ஏறக்குறைய மேசை உயரம். சூளையில் கறை விழுந்து விற்க முடியாமல் போன குவளை ஒன்றை வைத்து வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். பத்து முறையும் தாங்கினால் அந்த அளவை நம்பலாம். ஏழாவது முறை கைப்பிடி போனால், காசு மிச்சம் என்று பார்க்காமல் அடுத்த ஸ்லாப்புக்கு ஏறுவதுதான் சரி.

பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். உடையாத பொருளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். குவளைக்கு வேண்டாம். ஒருமுறை பயணம் போன அட்டையின் நெளிவுகள் நசுங்கியிருக்கும், ஈரம் பட்ட அட்டை இன்னும் மோசம். பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தாலும் மேலே அடுக்கும் சுமையை அது தாங்காது.

## விலைக்குள் எது எது வர வேண்டும்

எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். ஆகவே ஒரு மணி நேர உழைப்புக்கு நீங்கள் எதிர்பார்க்கும் கூலியை 100 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களை அதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

1. குவளையை வனைய, செதுக்க, கைப்பிடி ஒட்ட, மெருகு பூச, கை படும் நேரம் மொத்தம் 40 நிமிடம்: 67.
2. மண், மெருகு, சூளைச் செலவில் பங்கு, சூளையில் வீணாவதன் பங்கு: 30.
3. ஆர்டருக்கான உரையாடல் 15 நிமிடம்: 25.
4. பொதிந்து, முகவரி ஒட்டி, கூரியரிடம் சேர்க்க 12 நிமிடம்: 20.
5. பெட்டி, ராப், டேப்: 15.
6. ஒரு கிலோ ஸ்லாப் கூரியர்: 40.

கூட்டினால் 197. பலர் முதல் இரண்டையும் கடைசியையும் மட்டும் கூட்டி 137 என்று நிறுத்திவிடுகிறார்கள். "மூலப்பொருள் செலவை மூன்றால் பெருக்கு" என்ற வாய்ப்பாட்டின்படி போகிறவர்களுக்கு 90தான் வரும். விடுபட்ட 60 எங்கும் மறைந்துவிடாது, அது செய்தவரின் கூலியிலிருந்துதான் போகும்.

பட்டியலில் மூன்றையும் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். 27 நிமிடம். குவளையைச் செய்ய 40 நிமிடம், விற்று அனுப்ப 27 நிமிடம். கைவினைக் கலைஞர்கள் இந்த 27 நிமிடத்தை உழைப்பாகவே எண்ணுவதில்லை, கைபேசியில் பேசியதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். மாதம் நாற்பது ஆர்டர் என்றால் அது 18 மணி நேரம்.

இன்னும் இரண்டு சேர வேண்டும். இருபதில் ஒன்று உடைகிறது, அதற்குப் பதில் குவளை அனுப்புகிறீர்கள் என்றால், 197-ஐ இருபதால் வகுத்து ஏறக்குறைய 10 ஒவ்வொரு குவளைமேலும் ஏற்றுங்கள். 207 ஆயிற்று. பணம் வாங்கும் வழியில் 2 சதவீதம் கட்டணம் இருந்தால், 207-ஓடு 2 சதவீதம் கூட்டுவது சரியல்ல, ஏனென்றால் அந்தக் கட்டணம் நீங்கள் வாங்கும் முழுத் தொகைமேல் பிடிக்கப்படும். 207-ஐ 0.98-ஆல் வகுக்க வேண்டும். 211. இத்தனைக்குப் பிறகும் இதில் இருப்பது உங்கள் கூலி மட்டும், லாபம் என்று தனியாக ஒன்றும் இல்லை.

இந்த நிலையில் "பத்து சதவீதம் தள்ளுபடி" என்று பதிவு போட்டால் என்ன ஆகும்? 21 குறையும். மண்ணும் பெட்டியும் கூரியரும் தங்கள் பங்கை விட்டுத்தராது. முழுத் தொகையும் உங்கள் உழைப்புக்கான 112-லிருந்துதான் போகும். வாங்குபவருக்குப் பத்து சதவீதம், உங்களுக்கு ஏறக்குறைய இருபது சதவீதம் கூலிக் குறைவு.

தள்ளுபடி தரவே கூடாது என்று சொல்லவில்லை. செலவு உண்மையாகவே குறையும் இடத்தில் தரலாம். இரண்டு குவளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக 27×19×16 பெட்டியில் வைத்தால் 8208 ÷ 5000 = 1.64, இரண்டு கிலோ ஸ்லாப். கூடுதல் அரைக் கிலோவுக்கு 15 என்றால் கூரியர் 70. உரையாடல் ஒன்றேதான், 25. பொதிய மூன்று நிமிடம் கூட, 25. பெட்டி 22. செய்கூலி 134, மூலப்பொருள் 60. ஆக 336. உடைசலுக்கு 17 சேர்த்து, கட்டணத்துக்கு 0.98-ஆல் வகுத்தால் 360. தனித்தனியாக விற்றால் 422 வாங்க வேண்டியது. ஜோடியாக வாங்கினால் பதினான்கு சதவீதம் குறைத்துக் கொடுத்தாலும் உங்கள் கூலியில் கை வைக்கத் தேவையில்லை. அதனால்தான் "ஜோடி விலை" பதிவு, பண்டிகைத் தள்ளுபடிப் பதிவைவிட விற்பவருக்கு நல்லது.

## இன்பாக்ஸில் போகும் கால் மணி நேரம்

பெட்டியைச் சுருக்கியதுபோல உரையாடலையும் சுருக்கலாம். "விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்" என்று எழுதுவது ஆர்வத்தைத் தூண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடைமுறையில் அது வாங்கும் எண்ணமே இல்லாதவர்களோடும் பேச வைக்கிறது. விலை, உயரம், கொள்ளளவு, எத்தனை நாளில் கிளம்பும் என்ற நான்கையும் பதிவிலேயே எழுதிவிட்டால், உள்ளே வருபவர் வாங்கத் தயாராக வருவார். நாற்பது ஆர்டரில் ஏழு ஏழு நிமிடம் மிச்சமானாலும் மாதம் நாலரை மணி நேரத்துக்கு மேல்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விலையோடு பொருள் காட்டும் கேட்டலாக் இருக்கிறது. அடிக்கடி அனுப்பும் பதிலைச் சேமித்து வைத்துக்கொண்டு, `/` குறியோடு அழைக்கும் வசதியும் இருக்கிறது. ஒவ்வொரு உரையாடலுக்கும் "புது ஆர்டர்", "பணம் வர வேண்டும்", "பணம் வந்தது", "அனுப்பியாயிற்று" என்று லேபிள் ஒட்டலாம். இதில் லேபிள்தான் மிக முக்கியம். ஆர்டர் தவறுவது பெரும்பாலும் மறதியால் அல்ல, புதுச் செய்திகள் வந்து பழைய உரையாடலைக் கீழே தள்ளிவிடுவதால்.

ஆர்டர் உறுதியானதும் ஒரே செய்தியில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பி, "சரி" என்ற பதில் வாங்குங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். உங்கள் ஆர்டர்: நீல மெருகுக் குவளை, ஜோடி ஒன்று. தொகை கூரியரோடு சேர்த்து 360. மெருகின் நிறம் ஒவ்வொரு குவளையிலும் சற்று மாறும். பணமும் முழு முகவரியும் வந்த நாளிலிருந்து மூன்று வேலை நாளில் கிளம்பும், கூரியரில் அதன் பிறகு நான்கு முதல் ஆறு நாள் ஆகும். உடைந்து வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெட்டியோடு படம் அனுப்புங்கள், வேறு அனுப்பித் தருகிறோம். சரியென்றால் 'சரி' என்று பதில் தாருங்கள்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. நிறம் பற்றிய வரி "படத்தில் வேறு மாதிரி இருந்ததே" என்பதைத் தடுக்கும். நாள் எண்ணிக்கை எப்போது தொடங்குகிறது என்ற வரி, முகவரியை மூன்று நாள் கழித்து அனுப்பிவிட்டுத் தாமதம் என்று கோபப்படுவதைத் தடுக்கும். கிளம்பும் நாளையும் சேரும் நாளையும் பிரித்துச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். முதலாவது உங்கள் கையில் இருக்கிறது, இரண்டாவது இல்லை.

கையிருப்பில் இருக்கும் குவளைக்கு மூன்று நாள் சரி. கேட்ட பிறகு செய்யும் குவளைக்கு அந்த வாக்கு ஆகாது. கை படும் நேரம் 40 நிமிடம்தான் என்றாலும், மண் நன்றாகக் காய வேண்டும், ஒருமுறை சுட வேண்டும், மெருகு பூசி மறுபடி சுட வேண்டும், சூளை நிறையும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஈரம் போகாமல் சுட்டால் சூளையிலேயே வெடிக்கும். ஆகவே மூன்று வாரம் என்று சொல்லுங்கள், இரண்டு வாரத்தில் முடிந்தால் சந்தோஷமாக அனுப்பலாம்.

## பணம் வந்ததா என்பதை எங்கே பார்ப்பது

பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் ஆகாது. அதை இரண்டு நிமிடத்தில் போலியாகச் செய்யலாம். உங்கள் கணக்கைத் திறந்து தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே லேபிளை மாற்றுங்கள். "தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்தும் செய்தியும் பழக்கமான மோசடி. உண்மையிலேயே கூடுதல் வந்திருந்தாலும், வேறு எண்ணுக்கோ வேறு கணக்குக்கோ அனுப்பாமல், வந்த வழியிலேயே திருப்புங்கள்.

பொருள் கைக்கு வந்த பிறகு பணம் தரும் முறை, வாங்குபவருக்கு நம்பிக்கை தருகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒருவர் கதவைத் திறக்காவிட்டால், போன கட்டணம் 40, பல நிறுவனங்களில் திரும்பி வரும் கட்டணமும் கிட்டத்தட்ட அதே அளவு, உரையாடலும் பொதிதலும் பெட்டியும் 60. ஏறக்குறைய 140 நஷ்டம், குவளை இரண்டு பயணம் செய்த களைப்போடு வீடு திரும்பும். பெயர் எழுதிய குவளை என்றால் வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. கேட்டுச் செய்யும் பொருளுக்கு முன்பணம் இல்லாமல் மண்ணைத் தொடாமல் இருப்பதே நல்லது.

## கிளம்பும்போதும், உடைந்தபோதும்

ஒவ்வொரு பெட்டியையும் மூடும் முன் ஒரு படம், ஒட்டிய பிறகு தராசின் மேல் வைத்து, பக்கத்தில் அளவுநாடா தெரிய ஒரு படம். இரண்டும் சேர்த்து அரை நிமிட வேலை. கூரியர் நிறுவனம் அதிக எடை என்று பில் அனுப்பும்போது மறுத்துப் பேச உங்களிடம் இருக்கும் ஆதாரம் இது மட்டும்தான். பெட்டிக்குள்ளும் முகவரிச் சீட்டு ஒன்று போடுங்கள், வெளியே ஒட்டியது கிழிந்தாலோ நனைந்தாலோ அதுதான் வழிகாட்டும்.

கூரியர் சீட்டைப் பெற்ற அன்றே டிராக்கிங் எண்ணை அனுப்பிவிட்டால் "எங்கே இருக்கிறது?" என்ற கேள்விகளில் பெரும்பகுதி வராது. எண் மூன்று நாள் நகராமல் நின்றால், வாங்கியவர் கேட்கும் முன் நீங்களே கூரியரிடம் கேட்டுவிட்டு அவருக்குச் செய்தி அனுப்புங்கள்.

உடைந்துவிட்டது என்று செய்தி வந்தால், பல கூரியர்களின் விதிமுறைகளில் கண்ணாடி, பீங்கான் உடைசலுக்கு இழப்பீடு இல்லை அல்லது மிகக் குறைவு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவுக்காகத்தான் விலையில் 10 சேர்த்தோம். ஆகவே வாதாடாமல் பதில் குவளை அனுப்பலாம். ஆனால் படங்களை வாங்கிப் பாருங்கள்: பெட்டியின் வெளிப்புறம், திறந்த நிலையில் உட்புறம், உடைந்த துண்டுகள். அவை காரணத்தைச் சொல்லும்.

1. பெட்டி அப்படியே இருக்கிறது, கைப்பிடி மட்டும் போயிருக்கிறது என்றால், உள்ளே குவளை நகர்ந்திருக்கிறது. நிரப்பு காகிதம் போதவில்லை, அல்லது கைப்பிடிப் பக்கம் கூடுதல் மடிப்பு விடுபட்டிருக்கிறது.
2. பெட்டியின் மூலை நசுங்கி, அதற்கு நேரே விளிம்பு உடைந்திருந்தால், கீழே விழுந்திருக்கிறது. அந்தப் பக்கத்து இடைவெளி போதவில்லை.
3. பெட்டி முழுவதுமே தட்டையாக அமுங்கியிருந்தால், மேலே சுமை ஏறியிருக்கிறது. உள்ளே எவ்வளவு காகிதம் வைத்தாலும் பயனில்லை, மூன்று ப்ளை, அதாவது மூன்று அடுக்கு அட்டையிலிருந்து ஐந்து ப்ளைக்கு மாற வேண்டும்.
4. அடிப்பகுதி திறந்துகொண்டிருந்தால், டேப் நடுக்கோட்டில் மட்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. நடுக்கோட்டோடு இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒட்ட வேண்டும்.

ஐந்து ப்ளை அட்டை தடிமன் கூட, அதே உள்ளளவுக்கு வெளியளவு ஏறும். 19×16×16 பெட்டி நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அரை சென்டிமீட்டர் வளர்ந்தாலே 19.5×16.5×16.5 ஆகி 5309 ÷ 5000 = 1.06, அதாவது ஒன்றரைக் கிலோ ஸ்லாப். அப்போது கணக்கின் ஆறாவது வரி 40-லிருந்து 55 ஆகும், பெட்டி விலையும் ஏறும். அதே சமயம் உடைசல் இருபதில் ஒன்றிலிருந்து நூறில் ஒன்றாகக் குறைந்தாலும், மிச்சம் ஒரு குவளைக்கு எட்டுதான். கூடுதல் செலவு பதினைந்துக்கு மேல். ஆகவே அமுங்கிய பெட்டி எப்போதோ ஒன்று வந்தால் பதில் குவளை அனுப்பிவிட்டுப் பழைய பெட்டியிலேயே தொடரலாம். பத்தில் ஒன்று அப்படி வரத் தொடங்கினால் உடைசல் பங்கே 20 ஆகிவிடும், அப்போது ஐந்து ப்ளைக்கு மாறி, விலையைத் திருத்தி, பதிவிலும் கேட்டலாகிலும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள்.